சாலைப் படங்களுக்கு பாக்ஸ் போடும் வேலை: சந்தேகம் வரும் இடங்களில் காலை முதல் மாலை வரை ஒரே முடிவு எடுப்பது எப்படி

கேமரா எடுத்த சாலைப் படத்தில் கார், பஸ், ஆட்டோ, நடந்து போகிறவர் என்று ஒவ்வொன்றையும் சுற்றிப் பெட்டி போட்டு, பெயர் கொடுப்பதுதான் இந்த வேலை. அனோடேஷன் என்றும் லேபிளிங் என்றும் சொல்வார்கள். சென்னை, கோவை மட்டுமில்லை, சேலம் போன்ற ஊர்களிலும் இதற்கு ஆள் எடுக்கிறார்கள். ட்ரெயினிங்கில் மவுஸைப் பிடித்து பாக்ஸ் போடச் சொல்லித் தருவார்கள். அது ஒரே நாளில் வந்துவிடும். வராதது, படத்தில் இது காரா வேனா, ஆளா நிழலா என்று தெரியாத இடங்களில் என்ன செய்வது என்பதுதான். வேலை திரும்பி வருவதும் சம்பளம் குறைவதும் அங்கேதான். இதை யாரும் எனக்கு ஒரே இடத்தில் சொல்லித் தரவில்லை, திணறித்தான் சேர்த்துக்கொண்டேன். அடுத்து வருகிறவர்கள் அப்படித் திணற வேண்டாம் என்று எழுதுகிறேன்.

1. சேர்வதற்கு முன்: ஆவணமும் பணமும்

ஆதார், பான் கார்டு, வங்கிப் பாஸ்புக் முதல் பக்கம், படிப்புச் சான்றிதழ் நகல், பாஸ்போர்ட் அளவு போட்டோ. பெரும்பாலும் இவ்வளவுதான் கேட்பார்கள். ஆதாரிலும் பானிலும் வங்கிக் கணக்கிலும் பெயரும் இனிஷியலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். இல்லையென்றால் முதல் மாதச் சம்பளம் அங்கேயே நின்றுவிடும்.

கூடவே ரகசியக் காப்பு ஒப்பந்தம் ஒன்றில் கையெழுத்து வாங்குவார்கள். அதைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். வேலை செய்யும் படத்தை வெளியே கொடுக்கக் கூடாது என்பதுதான் அதன் சாரம். சந்தேகத்தை நண்பரிடம் கேட்பதற்காகத் திரையைப் போனில் படம் எடுத்து அனுப்பினால்கூட அது மீறல்தான். படத்தில் மனிதர்களின் முகமும் வண்டி நம்பரும் இருக்கிறது.

பதிவுக் கட்டணம், ட்ரெயினிங் டெபாசிட், சாஃப்ட்வேர் கட்டணம் என்று யாராவது பணம் கேட்டால் அத்தோடு பேச்சை நிறுத்துங்கள். வேலை வாங்கிச் சம்பளம் கொடுக்கிறவன் உங்களிடம் ஏன் காசு கேட்க வேண்டும்? "தப்பு அதிகம், ஒப்பந்தப்படி அபராதம் கட்டு, இல்லாவிட்டால் கேஸ்" என்று மிரட்டுகிற கூட்டமும் இருக்கிறது. பயந்து பணம் அனுப்பாதீர்கள். அனுப்பிவிட்டால் உடனே 1930 என்ற எண்ணுக்குக் கூப்பிட்டுப் புகார் கொடுங்கள். தாமதிக்காமல் சொன்னால் பணம் கைமாறுவதற்கு முன் நிறுத்த வாய்ப்பு இருக்கிறது.

மாதச் சம்பளமா, பாக்ஸுக்கு இவ்வளவு என்ற கணக்கா என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். பாக்ஸ் கணக்கு என்றால் இன்னொரு கேள்வியும் உண்டு: திரும்பி வந்த வேலையைச் சரிசெய்யும் நேரத்துக்குப் பணம் உண்டா? பெரும்பாலும் கிடையாது. இது எவ்வளவு பெரிய விஷயம் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். பாக்ஸுக்கு 1 ரூபாய், மணிக்கு 300 பாக்ஸ் போடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அதில் 45 திரும்பி வருகிறது. ஒவ்வொன்றையும் தேடித் திறந்து திருத்த 20 விநாடி ஆனால் மொத்தம் 15 நிமிடம். 300 ரூபாயை ஒன்றேகால் மணி நேரத்தில் சம்பாதித்திருக்கிறீர்கள். மணிக்கு 240 ரூபாய்தான்.

2. கைட்லைனை இரண்டு முறை படியுங்கள், இரண்டாவது முறை விலக்குகளை மட்டும்

எதற்கு எப்படி பாக்ஸ் போட வேண்டும் என்று ப்ராஜெக்டுக்குக் கொடுக்கும் விதிப் புத்தகம்தான் கைட்லைன். முதல் முறை எல்லோரும் படிப்பதுபோல் படியுங்கள். இரண்டாவது முறை, ஒவ்வொரு லேபிளுக்கும் "எதைச் சேர்க்கக் கூடாது" என்று சொல்லும் வரிகளை மட்டும் தேடுங்கள். கார் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். கார் கேரியரில் கட்டிய சைக்கிளுக்குத் தனி பாக்ஸ் உண்டா, கண்ணாடியில் தெரியும் பிரதிபலிப்புக்கு உண்டா என்பதைத்தான் கைட்லைன் சொல்ல வேண்டும்.

மூன்று எண்களைக் கண்டுபிடித்துத் தனியாக எழுதி வையுங்கள். எவ்வளவு சிறிய பொருள் வரை பாக்ஸ் போட வேண்டும் (உயரம் இத்தனை பிக்சல் என்று இருக்கும்), எத்தனை சதவீதம் மறைந்திருந்தால் விட்டுவிடலாம், பாக்ஸ் விளிம்பு எத்தனை பிக்சல் வரை விலகலாம். இந்த மூன்றில் ஒன்று கைட்லைனில் இல்லையென்றால் முதல் நாளே டீம் லீடிடம் கேளுங்கள்.

கைட்லைனின் முதல் பக்கத்தில் பதிப்பு எண் இருக்கும். அதைக் குறித்துக்கொள்ளுங்கள். ப்ராஜெக்ட் நடக்கும்போதே விதி மாறும். எந்த பேட்சிலிருந்து, அதாவது எந்தப் படத் தொகுதியிலிருந்து, புது விதி என்று எழுத்தில் வாங்கும்வரை பழைய விதியிலேயே செய்யுங்கள். பாதி பேட்ச் பழைய விதி, பாதி புது விதி என்றால் க்யூசி என்று தரம் சரிபார்க்கிறவருக்கு இரண்டும் தப்பாகவே தெரியும்.

நேரம் இருந்தால் வீட்டில் சிட்டிஸ்கேப்ஸ் என்ற பொதுத் தொகுப்பின் லேபிள் விளக்கங்களைப் படித்துப் பாருங்கள். அது ஐரோப்பிய நகரச் சாலைகள், ஆனாலும் நல்ல விதி எப்படி எழுதப்படும் என்று தெரியும். நம் ஊர்ச் சாலைக்கு ஐஐஐடி ஹைதராபாத் வெளியிட்ட இந்தியா டிரைவிங் டேட்டாசெட் இருக்கிறது. அதில் ஆட்டோவுக்கே தனி லேபிள் உண்டு.

3. முடிவுத் தாள் ஒன்று தொடங்குங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதென்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நோட்டு, அல்லது கம்பெனி அனுமதித்தால் ஒரு ஷீட். சந்தேகம் வந்து நீங்கள் முடிவெடுத்த ஒவ்வொரு வகைக்கும் ஒரு வரி. நான்கு விஷயம் போதும்: என்ன பார்த்தேன், என்ன லேபிள் கொடுத்தேன், எதனால், லீட் உறுதி செய்தாரா.

குட்டி யானை வண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டு வாடிக்கையாளர் கொடுத்த கைட்லைனில் கார், வேன், டிரக், பஸ் என்று நாலுதான் இருக்கும். காலையில் "சின்னதாக இருக்கிறது, வேன்" என்று போடுவீர்கள். மதியம் மூட்டை ஏற்றிய ஒன்று வரும், "டிரக்" என்று போடுவீர்கள். இரண்டுக்கும் நியாயம் சொல்லலாம். ஆனால் அதே வண்டிக்கு இரண்டு பெயர் போனால், அந்தப் படங்களை வைத்துப் பழகும் நிரலுக்கு அந்த வண்டி என்னவென்றே தெரியாமல் போகும். எல்லாமே ஒரே பக்கம் இருந்தால், தப்பாக இருந்தாலும் பிறகு ஒரே கட்டளையில் மொத்தமாக மாற்றிவிட முடியும். கலந்து கிடந்தால் ஒவ்வொரு படத்தையும் மறுபடி ஒரு ஆள் திறந்துதான் ஆக வேண்டும். அதனால்தான் சொல்கிறேன், சந்தேகமான இடத்தில் சரியான முடிவைவிட மாறாத முடிவு முக்கியம்.

"எதனால்" என்ற வரியை விட்டுவிடாதீர்கள். "குட்டி யானை = டிரக்" என்று மட்டும் எழுதினால் நாளைக்குப் பின்பக்கம் மூடிய வண்டி வரும்போது மறுபடி குழம்புவீர்கள். "சரக்கு ஏற்றும் பகுதி ஓட்டுநர் கேபினிலிருந்து தனியாக இருந்தால் டிரக்" என்று எழுதினால் மூடியதற்கும் திறந்ததற்கும் அதே வரி பதில் சொல்லும்.

ஒரு எச்சரிக்கை. இந்தத் தாள் கைட்லைனுக்கு மேலே போகாது. கைட்லைனில் பதில் இருந்தால் தாளில் எழுத வேண்டாம், எழுதியிருந்தால் அடித்துவிடுங்கள்.

4. ஒரு படத்தை எடுத்துப் பார்ப்போம்

மழை விட்ட சாயங்காலம், பஸ் ஸ்டாண்ட் முனை. நம் ப்ராஜெக்டில் "நபர்", "ரைடர்", "டூவீலர்" என்று தனித்தனி லேபிள். 20 சதவீதத்துக்குக் குறைவாகத் தெரிந்தால் விட்டுவிடலாம் என்பது விதி.

ஒருவர் பெட்ரோல் தீர்ந்த ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு போகிறார். ரைடரா, நபரா? சிட்டிஸ்கேப்ஸ் இதற்கு ஒரு சோதனை வைத்திருக்கிறது. அந்த ஆள் ஒரு மீட்டர் நகர்ந்து நிற்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். நடந்துதான் நகர்வார் என்றால் நபர், இல்லையென்றால் நபர் இல்லை. தள்ளுகிறவர் நடக்கிறார். எனவே அவர் நபர், ஸ்கூட்டர் தனியாக டூவீலர்.

டீக்கடை வாசலில் ஸ்டாண்ட் போட்ட பைக்கில் ஒருவர் பக்கவாட்டில் உட்கார்ந்து போன் பார்க்கிறார். நகர்ந்தால் இறங்கி நடப்பார், ஆக நபர். சரி, தாளில் "பக்கவாட்டில் உட்கார்ந்தால் நபர்" என்று எழுதிவிடலாமா? கூடாது. அடுத்த வண்டியிலேயே கணவருக்குப் பின்னால் சேலை கட்டிய பெண் பக்கவாட்டில்தான் உட்கார்ந்திருப்பார். அவர் ரைடர். எனவே வரியை இப்படி எழுத வேண்டும்: "ஹேண்டில் பக்கம் ஆள் இருந்தால், பின்னால் எப்படி உட்கார்ந்தாலும் ரைடர். ஹேண்டிலைப் பிடிக்க ஆளில்லாமல் வண்டி ஸ்டாண்டில் இருந்தால் நபர்." படத்தில் கண்ணால் பார்க்கக்கூடிய அடையாளத்தைப் பிடித்து எழுதிய விதிதான் நிற்கும். "கிளம்பப் போகிறார்போல் இருந்தால்" என்பது போன்ற விதி உங்கள் மனநிலைக்கு ஏற்ப மாறும்.

அதே வண்டியில் இருவருக்கும் நடுவே ஒரு குழந்தை, தலை மட்டும் தெரிகிறது. எத்தனை சதவீதம் என்று எப்படிச் சொல்வது? சதவீதத்தைக் கண்ணால் மதிப்பிடாதீர்கள், உடம்பின் பாகத்தைக் கொண்டு சொல்லுங்கள். நிற்கும் பெரியவர் முழங்காலுக்கு மேல் தெரிந்தால் சுமார் முக்கால் பங்கு, இடுப்புக்கு மேல் பாதி, மார்புக்கு மேல் கால் பங்கு, தலை மட்டும் என்றால் எட்டில் ஒரு பங்கு. இந்தக் கணக்கில் பெரியவரின் தலை மட்டும் தெரிந்தால் விட்டுவிடலாம். சின்னக் குழந்தைக்குத் தலை உடம்பில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு வரும். 20 சதவீதம், சரியாக விதியின் விளிம்பில். இந்த மாதிரி இடத்தில் நீங்களாக முடிவெடுக்காமல் லீடிடம் கேளுங்கள். பதில் வரும்வரை பாக்ஸ் போட்டு வையுங்கள். போட்டதை அழிப்பது சுலபம், போடாமல் விட்டதைத் தேடிக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம்.

பின்னணியில் தலைவர் கட்-அவுட், ஜவுளிக்கடை வாசலில் பொம்மை, ஈரத் தார்ச்சாலையில் ஒரு பஸ்ஸின் பிம்பம். வழக்கமாக இவற்றுக்கு பாக்ஸ் கிடையாது. சில ப்ராஜெக்டில் "இக்னோர்" என்று ஒரு பகுதியாக மூடச் சொல்வார்கள். எது என்று கைட்லைனில் பாருங்கள். தூரத்தில் பஸ்ஸுக்காகக் கூட்டமாக நிற்கிறவர்களுக்கும் அதே கேள்வி: எத்தனை பேர் வரை தனித்தனி பாக்ஸ், எப்போது "கூட்டம்" என்று ஒரே பாக்ஸ்? எண் இல்லாவிட்டால் எண் கேட்டு வாங்குங்கள்.

5. ஜூமைக் கட்டிப் போடுங்கள்

400 சதவீதம் பெரிதாக்கினால் தூரத்துக் கறுப்புப் புள்ளிகூட ஆள் மாதிரித்தான் தெரியும். ஒரு பொருள் இருக்கிறதா இல்லையா என்பதை 100 சதவீதத்தில் முடிவு செய்யுங்கள். இருக்கிறது என்று முடிவான பிறகு விளிம்பைப் பிடிக்க மட்டும் பெரிதாக்குங்கள். இரண்டு வேலைக்கும் ஒரே அளவு ஜூமை நாள் முழுக்க வையுங்கள்.

சின்னப் பொருளுக்கு விளிம்பு ஏன் முக்கியம் என்று ஒரு கணக்கு. உங்கள் பாக்ஸையும் சரியான பாக்ஸையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்து, இரண்டுக்கும் பொதுவான பரப்பை, இரண்டும் சேர்ந்து மூடும் மொத்தப் பரப்பால் வகுப்பார்கள். இதை ஐஓயூ என்பார்கள். 200-க்கு 400 பிக்சல் கார் ஒன்றுக்கு நான்கு பக்கமும் 3 பிக்சல் தள்ளிப் போட்டால் மதிப்பு சுமார் 0.96. யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். 20-க்கு 40 பிக்சல் உள்ள தூரத்து ஆளுக்கு அதே 3 பிக்சல் தள்ளினால் 800-ஐ 1196-ஆல் வகுக்க வேண்டும், சுமார் 0.67. எல்லை 0.7 என்று வைத்திருந்தால் ரிஜெக்ட். எனவே பெரிய பஸ்ஸில் மினக்கெடும் நேரத்தைத் தூரத்து ஆட்களுக்குக் கொடுங்கள்.

6. ஷிப்டின் பின்பாதி

கை சோர்ந்தால் உங்களுக்கே தெரியும். அளவுகோல் நகர்ந்தால் தெரியாது. காலையில் "பாதி மறைவு" என்று போட்டதை மாலையில் "கொஞ்சம் மறைவு" என்று போடுவீர்கள், இரண்டுமே அந்தந்த நேரத்தில் சரியாகவே படும். நெரிசலான பத்துப் படங்களுக்குப் பிறகு ஒரு காலிச் சாலை வந்தால், அதிலுள்ள தெளிவில்லாத பொருளை "ஒன்றுமில்லை" என்று தாண்டிவிடத் தோன்றும்.

இதைப் பிடிக்க ஒரே வழிதான் எனக்குப் பலன் தந்தது. காலை முதல் மணி நேரத்தில் செய்த படங்களில் சந்தேகம் அதிகம் இருந்த ஐந்தின் எண்ணைக் குறித்து வையுங்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகும், கடைசி மணி நேரம் தொடங்கும்போதும் அவற்றை மனதில் புதிதாக முடிவு செய்து ஒரு தாளில் எழுதிவிட்டு, பிறகு காலையில் என்ன போட்டீர்கள் என்று திறந்து பாருங்கள். பத்து நிமிட வேலை. எங்கே மாறியிருக்கிறதோ அந்த விதி உங்கள் தாளில் சரியாக எழுதப்படவில்லை என்று அர்த்தம். வரியைத் திருத்திவிட்டு, அன்று இடைப்பட்ட நேரத்தில் செய்த அதே வகையை மட்டும் போய்ப் பாருங்கள். எல்லாவற்றையும் திருப்பிப் பார்க்க வேண்டியதில்லை.

டூலே வைக்கும் பொறி ஒன்று உண்டு. சிவிஏடி போன்ற, பாக்ஸ் போடும் டூலில் `N` அழுத்தினால் கடைசியாகப் போட்ட லேபிளிலேயே அடுத்த பாக்ஸ் தொடங்கும். வேகத்துக்கு நல்லது. ஆனால் வரிசையாக ஆறு கார் போட்ட பிறகு வரும் ஆட்டோவும் "கார்" ஆகிவிடும். அதனால் படத்தை ஓரத்திலிருந்து ஓரம் போடாமல், முதலில் கார் எல்லாம், அப்புறம் ஆட்டோ எல்லாம், அப்புறம் டூவீலர், கடைசியில் ஆட்கள் என்று வகை வகையாகப் போடுங்கள். லேபிள் மாற்றுவது படத்துக்கு நாலைந்து தடவையோடு முடிந்துவிடும். `F` அழுத்தி அடுத்த படத்துக்குப் போகும் முன் லேபிள் பட்டியலை ஒரு முறை மேலிருந்து கீழ் பாருங்கள். அவ்வப்போது `Ctrl+S` அழுத்துங்கள், கரண்ட் போகிற ஊரில் இருந்தால் ஒவ்வொரு படத்துக்கும்.

சந்தேகப் பொருள் வந்ததும் அங்கேயே உட்கார்ந்து யோசிக்காதீர்கள். தாளில் வரி இருந்தால் அதன்படி போடுங்கள். இல்லையென்றால் தற்காலிகமாக ஒன்றைப் போட்டு எண்ணைக் குறித்துவிட்டு நகருங்கள். குறித்தவற்றை மதிய இடைவேளைக்கு முன்பும் ஷிப்ட் முடிய அரை மணி இருக்கும்போதும் மொத்தமாகப் பாருங்கள். ஒரே மாதிரி சந்தேகங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் முடிவு ஒன்றாக வரும்.

வயர் மவுஸ் ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள், 500 ரூபாய்க்குள் கிடைக்கும். வீட்டிலிருந்து செய்கிறவர்களுக்கு மடிக்கணினியின் டச்பேடில் 3 பிக்சலைப் பிடிப்பது நடக்காத காரியம்.

7. லீடிடம் கேட்பது

"சார், இது என்ன?" என்று கேட்டால் "கைட்லைன் பாருங்க" என்றுதான் பதில் வரும். அவருக்கும் நேரமில்லை. இப்படி எழுதுங்கள்:

"`frame_000412`, இடது ஓரம், மூடிய குட்டி யானை. கைட்லைன் 3.2-இல் வேன், டிரக் இரண்டுக்கும் பொருந்துகிறது. சரக்குப் பகுதி தனியாக இருப்பதால் டிரக் என்று போட்டிருக்கிறேன். இந்த பேட்சில் இதுபோல் இன்னும் இருக்கிறது. டிரக் என்றே தொடரலாமா மேடம்?"

ஆம், இல்லை என்று ஒரு வார்த்தையில் பதில் சொல்லலாம். வாயால் சொன்ன பதிலானாலும் "நீங்கள் சொன்னபடி டிரக் என்றே தொடர்கிறேன்" என்று, சந்தேகங்களையும் பதில்களையும் பதியும் குவெரி ஷீட்டில் எழுதி வையுங்கள். இரண்டு வாரம் கழித்து க்யூசி அதே பொருளை ரிஜெக்ட் செய்தால் காட்டுவதற்கு அதுதான் இருக்கும்.

பக்கத்து சீட்காரரிடம் கேட்டு முடிவெடுப்பது இன்னொரு பொறி. அவர் வேறு பேட்ச், சில சமயம் வேறு வாடிக்கையாளரின் விதியில் வேலை செய்துகொண்டிருப்பார். இருவருக்கும் ஒரே சந்தேகம் என்றால் சேர்ந்தே லீடிடம் கேளுங்கள்.

8. ரிஜெக்ட் வந்தால்

ஒவ்வொன்றாகத் திருத்தத் தொடங்கும் முன் காரணத்தைப் பிரித்துக்கொள்ளுங்கள். விளிம்பு தளர்வு, விட்டுப்போன பொருள், லேபிள் தப்பு, விதியில் கருத்து வேறுபாடு. முதல் மூன்றும் உங்கள் வேலை. நாலாவதற்குக் குவெரி ஷீட்டின் வரியைக் காட்டி, திருத்தும் முன்பே பேசுங்கள். திருத்திவிட்டால் நீங்கள் தப்பை ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும், தரக் கணக்கிலும் அது உங்கள் பேரில் ஏறும். மறுப்புத் தெரிவிக்க எத்தனை நாள் என்று ப்ராஜெக்ட் தொடங்கும்போதே கேட்டு வையுங்கள். பேட்ச் மூடிய பிறகு யாரும் திறக்க மாட்டார்கள்.

க்யூசியின் முடிவு உங்கள் விதிக்கு எதிராகப் போனால், தாளில் பழைய வரியை அடித்து, புது வரியையும் தேதியையும் எழுதுங்கள். பழையதை முழுக்க அழிக்க வேண்டாம். முன்பு முடித்த பேட்சை ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று கேட்டால் பதில் சொல்ல அது வேண்டும்.

9. வேலை மாறும்போது

அனுபவச் சான்றிதழில் "டேட்டா எண்ட்ரி" என்று போட்டுக் கொடுத்துவிடுவார்கள். பட அனோடேஷன், எந்த டூல், எவ்வளவு காலம், க்யூசி பார்த்திருந்தால் அதுவும் என்று எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். அடுத்த இடத்தில் சம்பளம் பேச அது உதவும். பிஎஃப் பிடித்திருந்தால் யுஏஎன் எண்ணைக் கையோடு வாங்கி, அதில் உங்கள் பெயரும் பிறந்த தேதியும் ஆதாரோடு பொருந்துகிறதா என்று பாருங்கள்.

முடிவுத் தாளை எடுத்துப்போக முடியாது. அதில் வாடிக்கையாளரின் விதிகள் இருப்பதால் அது கம்பெனியின் சொத்து, ஒப்படைத்துவிடுங்கள். இன்டர்வியூவில் வேலையைக் காட்டச் சொன்னால் பழைய கம்பெனியின் படத்தைக் காட்டாதீர்கள். உங்கள் தெருவை நீங்களே நாலு படம் எடுத்து, சிவிஏடியை இலவசமாகப் பயன்படுத்தி பாக்ஸ் போட்டு, கூடவே அந்தப் படங்களுக்கு நீங்கள் எழுதிய ஒரு பக்க விதித் தாளையும் கொண்டுபோங்கள். கேள்வி கேட்கிறவர் பாக்ஸைவிட அந்தத் தாளைத்தான் அதிக நேரம் பார்ப்பார்.